500 ஒப்பீடு, 41 சிக்னிஃபிகன்ட்: இதில் எதை ரிப்போர்ட்டில் போடலாம்?

தரவுத்தொகுப்பி
1,000 பேரிடம் எடுத்த சர்வே. "ஒப்புக்கொள்கிறேன் / இல்லை" என்று பதில் வரும் 25 வாக்கியங்கள். அட்டவணையின் மேலே குறுக்கே ஓடும் பேனரில் பாலினம், வயது (4 பிரிவு), கல்வி (3), மண்டலம் (4), வருமானம் (3), நகரம்/கிராமம் என ஆறு மாறிகள். ஒவ்வொரு வரியிலும் நெடுவரிசைகளை, அதாவது காலங்களை, ஜோடி ஜோடியாக 0.05 அளவில் டெஸ்ட் செய்து, சிக்னிஃபிகன்ட் ஆன இடத்தில் எழுத்துக்குறி போட்டாயிற்று. மொத்தம் 41 இடத்தில் குறி விழுந்திருக்கிறது.

ரிப்போர்ட் எழுதுபவர் 41ஐயும் "முக்கிய வேறுபாடுகள்" என்று ஸ்லைடில் ஏற்றச் சொல்கிறார். 0.05 என்றால் 95% நம்பகம், ஆகவே 41இல் இரண்டு தப்பாக இருந்தால் அதிகம் என்பது அவர் வாதம். இது சரிதானா?

கைகணக்கு
சரியில்லை. அவர் 5%ஐத் தப்பான இடத்தில் பிடித்திருக்கிறார். அந்த 5%, குறி விழுந்த 41இல் எத்தனை பொய் என்று சொல்வதில்லை. உண்மையில் வேறுபாடே இல்லாத ஒப்பீடுகளில் எத்தனை தவறிப்போய்க் குறி வாங்கும் என்பதைத்தான் சொல்கிறது.

முதலில் எத்தனை டெஸ்ட் ஓடியது என்று எண்ணுங்கள். பாலினத்தில் ஒரு ஜோடி, வயதில் 6, கல்வியில் 3, மண்டலத்தில் 6, வருமானத்தில் 3, நகரம்/கிராமத்தில் 1. ஆக வரிக்கு 20 ஜோடி. 25 வரிக்கு 500. யாருக்கும் யாருக்கும் எந்த வேறுபாடும் இல்லாத ஒரு மக்கள்தொகையிலிருந்து சாம்பிள் எடுத்திருந்தாலும் இந்த அட்டவணையில் சராசரியாக 25 குறி விழும்.

இப்போது கொஞ்சம் தாராளமாக இருப்போம். 500இல் 30 இடத்தில் நிஜமாகவே வேறுபாடு இருக்கிறது, ஒவ்வொரு பிரிவிலும் உள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கு, அதாவது உங்கள் பேஸ் அளவுக்கு, அதில் பாதி பிடிபடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான குறி 15. மிச்சம் 470 ஒப்பீட்டில் 5% என்றால் 23 அல்லது 24 பொய்க்குறி. கூட்டினால் 38, 39. உங்கள் 41க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். இந்தக் கணக்கில் குறி வாங்கியதில் ஐந்துக்கு மூன்று பொய். "இரண்டு தப்பு" என்பது எங்கே, இது எங்கே.

30, பாதி என்பதெல்லாம் நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் தரவில் அது என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த நியாயமான எண்ணைப் போட்டாலும் விடை 5% பக்கம் வராது.

களம்27
சாம்பிள் சின்னதாக இருப்பதுதான் பிரச்சினை. 1,000ஐ நான்கு வயதுப் பிரிவாக உடைத்தால் ஒவ்வொன்றிலும் 250தான். அடுத்த முறை 5,000 பேர் எடுங்கள், பொய்க்குறி தானாகக் குறைந்துவிடும்.

கைகணக்கு
குறையாது. வேறுபாடே இல்லாத ஜோடி 5,000 பேரிலும் அதே 5% தடவை குறி வாங்கும். சாம்பிள் பெருகும்போது டெஸ்ட்டின் வாசலும் கூடவே இறுகுகிறது. டெஸ்ட் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. 5,000 பேர் தருவது வேறொன்று: நிஜ வேறுபாடுகள் அதிகம் பிடிபடும், அதனால் பொய்யின் *பங்கு* இறங்கும். பொய்யின் *எண்ணிக்கை* அப்படியே 25 பக்கம்தான்.

சின்ன பேஸுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது நீங்கள் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. 200க்கு 200 பேர், சதவீதம் 50 பக்கம் என்றால் குறி விழக் கிட்டத்தட்ட 10 புள்ளி இடைவெளி வேண்டும். நிஜ இடைவெளி 4 புள்ளி என்று வைப்போம். அந்த 4 புள்ளி எப்போதாவது குறி வாங்கினால், சாம்பிளில் அது 10 ஆக ஊதியிருந்த அன்றுதான் வாங்கியிருக்கும். ஆக உண்மையான கண்டுபிடிப்பு கூட இரண்டு மடங்கு பெருத்த அளவோடுதான் ஸ்லைடில் ஏறும். அடுத்த சுற்று சர்வேயில் அது "சரிந்துவிட்டது" என்று இன்னொரு ஸ்லைடு வரும்.

நள்ளிரவு_சிண்டாக்ஸ்
எஸ்பிஎஸ்எஸ்ஸில் இதற்கு ஒரு டிக் இருக்கிறதே. கஸ்டம் டேபிள்ஸில், பல டெஸ்ட் ஓடியதற்குத் திருத்தம் போடும் பான்ஃபரோனியைத் தட்டிவிட்டால் முடிந்தது.

```
/COMPARETEST TYPE=PROP ALPHA=0.05 ADJUST=BONFERRONI ORIGIN=COLUMN
```

கைகணக்கு
அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள்: `Tests are adjusted for all pairwise comparisons within a row of each innermost subtable using the Bonferroni correction.` இதில் `within a row` என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயதின் ஆறு ஜோடிக்கு அது ஆறு மடங்கு கடுமை காட்டும். அதே வரியில் மண்டலத்துக்குத் தனியாக இன்னொரு ஆறு. அடுத்த வரிக்கு மறுபடி முதலிலிருந்து. 25 வரி ஓடியதோ ஆறு பேனர் மாறி ஓடியதோ அதன் கணக்கில் இல்லை. பாலினத்துக்கும் நகரம்/கிராமத்துக்கும் ஒரே ஜோடி என்பதால் ஒரு திருத்தமும் நடக்காது.

டிக் போட்ட பிறகும் உங்களிடம் சேர்த்துத் திருத்தப்படும் டெஸ்ட் கூட்டங்கள், அதாவது குடும்பங்கள், 25 × 6 = 150 தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தவற 5% வரை வாய்ப்பு. எதுவுமே இல்லாத தரவில் ஏழு எட்டுக் குடும்பம் வரை பொய்க்குறி காட்டும். 25 பொய்க்குறிக்கு இது தேவலைதான், ஆனால் "முடிந்தது" இல்லை. அந்த அடிக்குறிப்பு இருப்பதாலேயே எல்லாம் திருத்தியாயிற்று என்று நம்பிவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து.

மீனா_பகுப்பாய்வு
எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள், ஆனால் 41 என்ற எண்ணே ஒன்று சொல்கிறதே? ஒன்றுமே இல்லாவிட்டால் 25 எதிர்பார்ப்பு. பைனாமியல் கணக்கில் திட்ட விலக்கம் 500 × 0.05 × 0.95இன் வர்க்கமூலம், அதாவது 4.9. 41 என்பது 25க்கு மேலே 3.3 திட்ட விலக்கம். இவ்வளவு தூரம் தற்செயலாக வராது. ஆகவே இதில் நிஜம் இருக்கிறது என்பது உறுதி. எது என்பதுதான் தெரியவில்லை.

கைகணக்கு
மீனா, யோசனை நல்ல யோசனை. எதிர்பார்ப்பு 25 என்பதும் சரி. ஆனால் 4.9 என்பது 500 டெஸ்ட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால்தான். இங்கே அப்படி இல்லை. மூத்த வயதுப் பிரிவில் தற்செயலாக நாலு பேர் அதிகமாக "ஒப்புக்கொள்கிறேன்" சொல்லியிருந்தால், அந்தப் பிரிவு இருக்கும் மூன்று ஜோடியும் ஒன்றாகச் சாயும். அதே நாலு பேர் இதே போன்ற அடுத்த வாக்கியத்துக்கும் அதே பதில்தான் சொல்லியிருப்பார்கள், ஆகவே அடுத்த வரியும் சாயும். பொய்க்குறி கொத்துக் கொத்தாக விழும். சராசரி 25ஆகவே இருக்கும். ஆனால் ஒரு தரவில் 9, இன்னொன்றில் 48 என்று ஆடும்.

எவ்வளவு ஆடும் என்பதை உங்கள் தரவிடமே கேட்கலாம். பதில்களை அப்படியே வைத்துக்கொண்டு பேனரை மட்டும் ஆட்களுக்கிடையே கலைத்துப் போடுங்கள். ஒருவரின் வயது, பாலினம், மண்டலம் எல்லாம் ஒரே கட்டாக இன்னொருவருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாறியையும் தனித்தனியாகக் கலைத்தால் பேனருக்குள் இருக்கும் உறவு உடைந்துவிடும்.

```
n   <- nrow(ans)
cnt <- replicate(1000, count_sig(ans, ban[sample(n), ]))
quantile(cnt, c(.50, .95))
```

இதில் `count_sig` நீங்கள் எழுத வேண்டியது: 500 டெஸ்ட்டையும் ஓட்டி 0.05க்குக் கீழே எத்தனை என்று எண்ணித் தந்தால் போதும். கலைத்த தரவில் வேறுபாடு இருக்க வழியே இல்லை. 95ஆவது நூற்றுமானம் 41க்கு மேலே வந்தால், உங்கள் 41 வெறும் தற்செயலாகவே வரக்கூடியதுதான்.

தரவுத்தொகுப்பி
500 பி-மதிப்பையும் வெளியே எடுத்து ஏறுவரிசையில் அடுக்கினேன். முதல் பத்து:

0.000004
0.00002
0.00011
0.00019
0.00056
0.00058
0.0013
0.0021
0.0030
0.0044

11ஆவதிலிருந்து எல்லாம் 0.009க்கு மேல். பெஞ்சமினி–ஹாக்பர்க் திருத்தத்தைக் கையால் போட்டுப் பார்த்தேன், நான்குதான் தேறுகிறது. சரியா?

கைகணக்கு
ஆறு தேறும். எங்கே வழுக்கியது என்று காட்டுகிறேன், நிறையப் பேர் வழுக்கும் இடம் இது.

வாசல் = வரிசை எண் × 0.05 / 500. அதாவது வரிசை எண் × 0.0001, கணக்குப் போட வசதியான எண்ணிக்கை. முதலாவதுக்கு 0.0001, இரண்டாவதுக்கு 0.0002, இப்படியே போகும். நான்காவது 0.00019, வாசல் 0.0004, தேறியது. ஐந்தாவது 0.00056, வாசல் 0.0005, தவறியது. நீங்கள் இங்கே நின்றுவிட்டீர்கள். ஆனால் இந்த முறையில் மேலிருந்து இறங்கக் கூடாது, *அடியிலிருந்து ஏற வேண்டும்*. அடியிலிருந்து வரும்போது முதலில் வாசலுக்குள் விழும் எண் எதுவோ, அதுவும் அதற்கு முந்தியவை எல்லாமும் தேறும். ஆறாவது 0.00058, வாசல் 0.0006, உள்ளே. ஆகவே ஐந்தாவதும் கூடவே வந்துவிடும்.

தவறியவுடன் நிற்பது ஹோம் முறையின் வழக்கம். ஹோம் போட்டால் முதல் வாசல் 0.05/500, அடுத்தது 0.05/499, அடுத்தது 0.05/498. மூன்றாவது 0.00011, வாசல் 0.0001004, நிற்கும். ஆக ஹோமில் இரண்டு. வெறும் பான்ஃபரோனியிலும் அதே இரண்டு.

இரண்டில் எது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு பொய் உள்ளே வந்தாலும் ஆபத்து என்றால் ஹோம். பான்ஃபரோனியை விட அது ஒருபோதும் மோசமாகாது, ஆகவே பான்ஃபரோனிக்குத் தனியாக வேலை இல்லை. பட்டியலில் சராசரியாக இருபதுக்கு ஒன்று பொய் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றால் பெஞ்சமினி–ஹாக்பர்க். தேடிப் பார்க்கும் வகை சர்வேக்கு 0.10 வைப்பவர்களும் உண்டு. உங்கள் பட்டியலில் அப்படி வைத்தால் ஏழாவதும் வரும், அதற்கு மேல் வராது. எதுவானாலும் பட்டியலைப் பார்ப்பதற்கு *முன்பே* முடிவு செய்யுங்கள். கை கணக்கு வேண்டாம் என்றால்:

```
p <- scan("pvals.txt")
sum(p.adjust(p, method = "BH") <= 0.05)
```

41ஐயும் மட்டும் எடுத்து அந்த 41க்குள் திருத்தம் போடாதீர்கள். வகுக்கும் எண் 500. குறி விழாத 459உம் பந்தயத்தில் ஓடியவைதான்.

பழைய_சாம்பிளர்
ஒரு கேள்வி. சாம்பிளை மக்கள்தொகையின் பங்குகளுக்குச் சரிசெய்ய இந்தத் தரவுக்கு வெயிட் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் டெஸ்ட்டுக்குள் எந்த பேஸ் போனது?

தரவுத்தொகுப்பி
போட்டிருக்கிறது. வயது, பாலினம், மண்டலத்துக்கு ரிம் வெயிட். வெயிட்டின் கூட்டுத்தொகை 1,000தான் வருகிறது, அதே பேஸ்தான் டெஸ்ட்டுக்கும். அதனால் பாதிப்பில்லை என்று நினைத்தேன்.

பழைய_சாம்பிளர்
கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள், வர்க்கங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். வெயிட் போட்ட பிறகு சாம்பிள் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் கிஷ் சூத்திரம்:

```
n_eff = sum(w)^2 / sum(w^2)
```

தரவுத்தொகுப்பி
833.

பழைய_சாம்பிளர்
அப்படியானால் 1000/833 = 1.2. உங்கள் ஒவ்வொரு இசட் மதிப்பும் 1.2இன் வர்க்கமூலம், சுமார் 1.095 மடங்கு ஊதியிருக்கிறது. நீங்கள் 1.96 என்று நினைத்துக் குறி போட்ட இடம் உண்மையில் 1.79. அதற்குரிய பி-மதிப்பு 0.074. ஆக "5% டெஸ்ட்" என்று நினைத்து ஓட்டியது 7.4% டெஸ்ட். 500 × 0.074 = 37.

ஒன்றுமே இல்லாத தரவில் எதிர்பார்ப்பு 25 இல்லை, 37. நீங்கள் பார்த்தது 41. மீனாவின் 3.3 திட்ட விலக்கம் இங்கேயே கரைந்துபோயிற்று, கொத்துப் பிரச்சினைக்குப் போகவே வேண்டாம்.

பட்டியலையும் திருத்திப் பார்த்தேன். முதலாவது 0.000026, இரண்டாவது 0.0001, மூன்றாவது 0.0004, நான்காவது 0.0007, ஐந்தும் ஆறும் 0.0016–0.0017 பக்கம். பெஞ்சமினி–ஹாக்பர்க் வாசலில் முதல் இரண்டோடு சரி.

பல டெஸ்ட் திருத்தம் என்பது உள்ளே போகும் பி-மதிப்பு நேர்மையானது என்று நம்பித்தான் வேலை செய்கிறது. அடியில் உள்ள எண்ணே ஊதியிருந்தால் மேலே எந்தத் திருத்தம் போட்டும் பயனில்லை.

மீனா_பகுப்பாய்வு
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே 1.2ஐ எல்லா காலத்துக்கும் போடுவது நியாயமா? இளையவர்கள் குறைவாகச் சிக்கியிருந்தால் அவர்களின் வெயிட் எல்லாம் பெரிதாக, ஆனால் தங்களுக்குள் ஒரே மாதிரி இருக்கலாம். அந்தக் காலத்துக்குள் மட்டும் பார்த்தால் இழப்பு குறைவாகத்தான் வரும்.

பழைய_சாம்பிளர்
மிகச் சரி. காலத்துக்குக் காலம் தனித்தனியாக அந்தச் சூத்திரத்தைப் போட்டு, அந்த பேஸை டெஸ்ட்டுக்குக் கொடுப்பது மேல். ஆர் தெரிந்தால் `survey` பேக்கேஜில் `svychisq` இருக்கிறது, இதை முறையாகச் செய்யும். நான் 1.2 போட்டது ஒரு மேலோட்டக் கணக்கு. மூன்றாவது நான்காவது எண் தனிக் கணக்கில் திரும்பி உள்ளே வரக்கூடும். செய்து பாருங்கள்.

கைகணக்கு, உங்கள் கலைத்துப்போடும் முறையில் வெயிட் யாரோடு போகும்? பதிலோடா, பேனரோடா? வெயிட் உருவானதே பேனரிலிருந்து.

கைகணக்கு
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பேனரோடு அனுப்பினால் காலம் பேஸ்கள் சரியாக இருக்கும், ஆனால் வெயிட்டுக்கும் பதிலுக்கும் இடையே உள்ள உறவு அழியும். பதிலோடு வைத்தால் பேனரின் வெயிட்டட் பங்குகள் ஒவ்வொரு கலைப்பிலும் மாறும். நான் பேனரோடு அனுப்புவேன், ஆனால் இதுதான் சரி என்று சத்தியம் செய்ய மாட்டேன். வெயிட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, எவ்வளவு ஆடுகிறது என்ற அகலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது குறைந்த ஆபத்து.

நள்ளிரவு_சிண்டாக்ஸ்
எனக்கு இன்னும் ஒன்று உறுத்துகிறது. 500க்கு வகுப்பது நியாயமா? பாலினத்தைப் பற்றிய ஒரு வரி, மண்டலத்தைப் பற்றிய நூறு டெஸ்ட்டுக்காக ஏன் தண்டனை வாங்க வேண்டும்? தொற்றுநோயியலில் ராத்மன் 1990இலேயே பல ஒப்பீட்டுக்குத் திருத்தமே தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்.

கைகணக்கு
தெரியும். அவர் கவலை, திருத்தம் போட்டால் நிஜமான தொடர்புகள் கைவிட்டுப் போகும் என்பது. அது உண்மையான செலவுதான். ஆனால் ஒவ்வொரு ஒப்பீட்டையும் அதன் எண்ணோடும் நம்பக இடைவெளியோடும் முழுதாகக் காட்டுபவருக்குத்தான் அந்த வாதம் பொருந்தும். 500ஐ ஓட்டி, 41ஐ மட்டும் பொறுக்கி, 459ஐ மறைத்து ஸ்லைடு போடுபவருக்கு அது கேடயம் ஆகாது.

தேடினால் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும் என்பதற்கு 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வு நல்ல சாட்சி. 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஆஸ்பிரினால் இறப்பு தெளிவாகக் குறைந்தது. துணைப்பிரிவு வாரியாக உடைத்துப் பார்ப்பதன் ஆபத்தைக் காட்ட, ஆய்வாளர்களே ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் என்று வந்தது! அவ்வளவு பெரிய ஆய்வு, அவ்வளவு உறுதியான மருந்து, அப்படியும். மண்டலம், வருமானம் என்று இருந்தால் நமக்குக் காரணம் சொல்லத் தோன்றிவிடுகிறது. ராசி என்றால் சிரிக்கிறோம். எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எது குடும்பம் என்ற உங்கள் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நான் இரண்டாகப் பிரிப்பேன். களத்துக்குப் போகுமுன்பே எழுதி வைத்த நான்கைந்து ஒப்பீடு தனிக் குடும்பம், அதற்கு ஹோம். மிச்சம் எல்லாம் தேடல், அதற்கு பெஞ்சமினி–ஹாக்பர்க். தேடலிலும் நேரே 500 ஜோடிக்குப் போகாமல், ஒவ்வொரு பேனர் மாறிக்கும் வரிக்கும் ஒரே கை-வர்க்க டெஸ்ட் போட்டால் 500 சுருங்கி 150 ஆகும். அதில் தேறிய அட்டவணைக்குள் மட்டும் எந்த ஜோடி என்று இறங்குங்கள்.

முன்பே எழுதி வைத்தது என்றால் தேதி போட்ட ஃபைல் இருக்க வேண்டும். "மனதில் இருந்தது" செல்லாது. வயதை முதலில் ஐந்தாகப் பிரித்துப் பார்த்துவிட்டு நான்காக மாற்றியிருந்தால், அந்த ஐந்து பிரிவின் ஒப்பீடுகளும் எண்ணிக்கையில் சேரும்.

தரவுத்தொகுப்பி
முன்பே எழுதி வைத்தது எதுவும் இல்லை. வயதை இரண்டு விதமாக வெட்டிப் பார்த்தோம் என்பதும் உண்மை. ஆக 500 என்பதே குறைவு.

தேறிய இரண்டும் எது என்று பார்த்தேன். இரண்டுமே மிக இளைய பிரிவுக்கும் மிக மூத்த பிரிவுக்கும் இடையே. வாக்கியம் 7, வாக்கியம் 8. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தை வேறு வார்த்தையில் கேட்பவை.

மீனா_பகுப்பாய்வு
அப்படியானால் இரண்டு இல்லை, ஒன்றேகால் கண்டுபிடிப்பு.

களம்27
ஒரே ஒரு ஸ்லைடு என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்வாரா?

தரவுத்தொகுப்பி
ஒத்துக்கொள்ள மாட்டார். 41ஐயும் பின்னிணைப்பில் போட்டு, தலைப்பிலேயே "500 ஒப்பீடுகளில் 41, வேறுபாடே இல்லாவிட்டாலும் சுமார் 37 எதிர்பார்க்கத்தக்கது" என்று எழுதி அனுப்புகிறேன். வயது வேறுபாட்டை அடுத்த சுற்றில் முன்கூட்டியே எழுதி வைத்து, அந்த ஒரே ஜோடியை மட்டும் டெஸ்ட் செய்யலாம் என்று கேட்கப் போகிறேன். காலம் வாரியான பேஸ் கணக்கு முடிந்ததும் மூன்றாவது எண் என்ன ஆயிற்று என்று இங்கே போடுகிறேன்.

பழைய_சாம்பிளர்
போடும்போது ஒவ்வொரு காலத்தின் `n_eff`ஐயும் சேர்த்துப் போடுங்கள். மூத்த பிரிவில்தான் வெயிட் அதிகம் சிதறியிருக்கும் என்பது என் ஊகம். அப்படி இருந்தால் அந்த முதல் இரண்டும் கூட இன்னும் கொஞ்சம் வலுவிழக்கும்.